சேமித்த விண்ணப்பம் யாருடையது?

கல்லூரி உதவித்தொகைக்கான ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து பக்கங்கள். முதல் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, முகவரி. இரண்டாவதில் குடும்பமும் ஆண்டு வருமானமும். மூன்றாவதில் படிப்பு விவரம், நான்காவதில் கட்டணமும் வங்கிக் கணக்கும், ஐந்தாவதில் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். உட்கார்ந்த இடத்தில் இதை முடிப்பவர்கள் குறைவு. வருமானச் சான்றிதழ் வந்திருக்காது, பாஸ்புக் வீட்டில் இருக்கும், நடுவில் கரண்ட் போகும். அதனால்தான் இப்படிப்பட்ட படிவங்கள் பாதியில் விட்டதை வரைவாகச் சேமித்து வைக்கின்றன. திரையின் ஓரத்தில் ‘சேமிக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் வந்ததும் நாம் நிம்மதியாக எழுந்து போகிறோம்.

இம்மாதிரிப் படிவங்களைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். ஒன்றாம் பக்கத்திலிருந்து ஐந்தாம் பக்கம்வரை வரிசையாக நிரப்பி, ‘சமர்ப்பி’யை அழுத்தி, ரசீது எண் வந்தால் சோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போடும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் விண்ணப்பிப்பவர் யாரும் அப்படி நேர்கோட்டில் போவதில்லை. பேக் பட்டனை அழுத்துவார், பக்கம் அசையாவிட்டால் ரெஃப்ரெஷ் செய்வார், சந்தேகம் வந்தால் அதே படிவத்தை இன்னொரு டேப்பில் திறப்பார். இந்த மூன்றும் படிவத்தின் பொத்தான்கள் அல்ல, பிரவுசருடையவை. படிவத்தைச் செய்தவர் அவற்றை எடுத்துவிட முடியாது. அவற்றுக்கு ஈடுகொடுக்கத்தான் முடியும்.

சோதனையைத் தொடங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, சேமித்தது எங்கே இருக்கிறது என்பதுதான். நீங்கள் தட்டிய வருமானத் தொகை ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் இருக்கக்கூடும். ஒன்று, கண்முன் தெரியும் பக்கத்தில். இரண்டு, உங்கள் கணினியிலேயே பிரவுசர் ஒதுக்கி வைத்திருக்கும் சேமிப்பிடத்தில். மூன்று, எங்கோ இருக்கும் சர்வரின் டேட்டாபேஸில். மூன்றும் ஒன்றாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. பேக், ரெஃப்ரெஷ், புது டேப் ஆகியவை இந்த மூன்று பிரதிகளையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக வைக்கின்றன. அப்போது எந்தப் பிரதி ஜெயிக்கிறது என்று பார்ப்பதே இந்தச் சோதனையின் சாரம்.

ரெஃப்ரெஷ்ஷிலிருந்து ஆரம்பிக்கலாம். தானாகச் சேமிக்கும் படிவங்கள் ஒவ்வோர் எழுத்தையும் உடனுக்குடன் அனுப்புவதில்லை. நாம் தட்டுவதை நிறுத்தியபின் ஓரிரு நொடி பொறுத்திருந்து மொத்தமாக அனுப்பும். ஆகவே ஒரே பக்கத்தை மூன்று தருணங்களில் ரெஃப்ரெஷ் செய்து பார்க்க வேண்டும்: தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை, ‘சேமிக்கிறது’ என்று காட்டும் கணத்தில் ஒருமுறை, ‘சேமிக்கப்பட்டது’ என்று வந்தபின் ஒருமுறை. முதல் இரண்டில் கடைசி ஒரு சொல் போனால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதில் ஓர் எழுத்துகூடப் போகக் கூடாது. அலுவலகத்து இணைய வேகத்தில் இரண்டாவது தருணம் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். அதனால் குரோமின் டெவலப்பர் கருவிகளில் `Network` பகுதிக்குப் போய் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

அதே இடத்தில் `Offline` என்று ஒரு தேர்வு உண்டு. இணையத்தை அப்படி அறுத்துவிட்டு வருமானத்தை மாற்றிப் பாருங்கள். அப்போதும் பச்சை எழுத்து வந்தால், படிவம் பொய் சொல்கிறது என்று பொருள். சர்வர் ‘கிடைத்தது’ என்று பதில் சொன்னபிறகு காட்ட வேண்டிய அறிவிப்பை, அனுப்பியவுடனேயே காட்டும்படி எழுதியிருக்கிறார்கள். இரண்டே நிமிடத்தில் செய்துவிடக்கூடிய இந்தச் சோதனையை எந்தப் படிவத்துக்கும் நான் விடுவதில்லை. அந்தப் பச்சை எழுத்தை நம்பித்தான் ஒருவர் கணினியை அணைக்கிறார்.

ரெஃப்ரெஷ் செய்யும்போது, தகவலை மறுபடி அனுப்பட்டுமா என்று கேட்டு ஒரு பெட்டி வருவதைப் பார்த்திருப்பீர்கள். குரோமில் அதன் தலைப்பு `Confirm Form Resubmission`. கண்முன் இருக்கும் பக்கம், படிவத்தை அனுப்பியதற்கான பதிலாக நேரடியாக வந்தது என்பதன் அடையாளம் அது. ‘சரி’ என்றால் அதே தகவல் இன்னொரு முறை போகும். கடைசிப் பக்கத்தில் இது நடந்தால் ஒருவருக்கு இரண்டு விண்ணப்பங்கள் பதிவாகலாம். இதற்குத் தீர்வு பழையது, எளியது. தகவலை வாங்கிக்கொண்ட சர்வர் பக்கத்தைத் திருப்பி அனுப்பாமல், ‘அடுத்த பக்கம் இந்த முகவரியில் இருக்கிறது, அங்கே போ’ என்று 303 என்ற எண்ணோடு பதில் தர வேண்டும். பிறகு எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் பக்கம்தான் திரும்ப வரும், தகவல் மறுபடி போகாது. ஐந்து பக்கங்களில் எதிலாவது அந்தப் பெட்டி எட்டிப்பார்த்தால் அது பிழை.

சான்றிதழ் ஏற்றும் பக்கத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியை எந்த வலைத்தளமும் தானாக நிரப்ப முடியாது. பாதுகாப்புக்காகப் பிரவுசர்கள் போட்டிருக்கும் கட்டுப்பாடு அது. எனவே ரெஃப்ரெஷ் செய்ததும் அந்தப் பெட்டி காலியாக நிற்கக்கூடும். ஏற்கெனவே ஏற்றிய சான்றிதழின் பெயரைப் படிவம்தான் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமான சோதனை இது: காலியான பெட்டியோடு மறுபடி ‘சேமி’யை அழுத்துங்கள். பிறகு சர்வரில் பாருங்கள். காலிப் பெட்டியை ‘கோப்பு வேண்டாம்’ என்று தவறாகப் புரிந்துகொண்டு, முன்பு ஏற்றிய சான்றிதழைப் படிவம் அழித்திருந்தால் விண்ணப்பதாரருக்கு அது தெரியவே தெரியாது.

யாருமே பட்டனை அழுத்தாமல் நடக்கும் ரெஃப்ரெஷ் ஒன்றும் இருக்கிறது. செல்போனில் படிவத்தை நிரப்புகிறவர், ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போவார், சான்றிதழைப் படம் எடுக்க கேமராவைத் திறப்பார். நினைவகம் குறைந்த போனாக இருந்தால், இடம் போதாமல் பின்னால் இருக்கும் பிரவுசர் பக்கத்தைப் போன் கைவிட்டுவிடும். திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து ஏறும். விலை உயர்ந்த போனில் மட்டும் சோதிப்பவர் இதைக் கடைசிவரை பார்க்க மாட்டார். கணினியில் இதை வரவழைக்க வழி இருக்கிறது. குரோமில் `chrome://discards` என்று தட்டினால் திறந்திருக்கும் டேப்களின் பட்டியல் வரும். அதில் படிவத்தின் டேப்பைக் கைவிடச் செய்துவிட்டு, மறுபடி அந்த டேப்புக்குப் போய் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கலாம்.

அடுத்து பேக் பட்டன். இங்கே ஒரு நுட்பமான வில்லங்கம் இருக்கிறது. நாம் பின்னால் போகும்போது பிரவுசர் எப்போதும் சர்வரைக் கேட்பதில்லை. வேகத்துக்காக, விட்டுவந்த பக்கத்தை அப்படியே உறையவைத்து வைத்திருக்கும். பேக்கை அழுத்தியதும் அந்த உறைந்த பக்கத்தை உயிர்ப்பித்துக் காட்டும். சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் இதைப் பல ஆண்டுகளாகச் செய்கின்றன, குரோமும் பின்னர் சேர்ந்துகொண்டது. விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து ரசீது எண் வாங்கியபின் பேக்கை அழுத்தினால் என்ன தெரியும்? சமர்ப்பிக்கும் முன்பிருந்த பக்கம், எல்லாப் பொத்தான்களும் வேலை செய்யும் நிலையில். அங்கே வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிவிட்டு மறுபடி ‘சமர்ப்பி’ என்றால், ஏற்கெனவே முடிந்த விண்ணப்பம் மாறுகிறதா, இரண்டாவதாக ஒன்று பிறக்கிறதா, மறுக்கப்படுகிறதா? மறுக்கப்பட வேண்டும். ஒருமுறை அழுத்தியதும் பொத்தானை மங்கலாக்கிவிட்டோம் என்று புரோகிராமர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கம் சர்வரிலிருந்து புதிதாக ஏறும் பிரவுசரில் பொத்தானும் புதிதாகத்தான் வரும். ‘இந்த வரைவு முடிந்துவிட்டது’ என்பது சர்வருக்குத் தெரிந்திருந்து, அதுவே தடுக்க வேண்டும். சோதிப்பவர் பார்க்க வேண்டியது டேட்டாபேஸில் எத்தனை வரிகள் பதிவாகியிருக்கின்றன என்பதை. திரையில் வரும் செய்தி சாட்சியாகாது.

பொதுக் கணினியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இ-சேவை மையத்தில் ஒரு மாணவி விண்ணப்பித்துவிட்டு லாக் அவுட் செய்து போகிறார். அடுத்து உட்காருபவர் பேக்கை அழுத்துகிறார். முந்தையவரின் ஆதார் எண்ணும் கணக்கு எண்ணும் திரையில் வந்து நிற்கக் கூடாது. பிரவுசரின் `localStorage` என்ற சேமிப்பிடத்தில் வரைவை வைக்கும் படிவங்களில் ஆபத்து இதைவிடப் பெரிது. அந்தச் சேமிப்பு, படிவமே அழிக்காவிட்டால் நாள்கணக்கில் அங்கேயே கிடக்கும். லாக் அவுட் செய்து, வேறு கணக்கில் நுழைந்து, படிவத்தைத் திறந்து பாருங்கள். பழையவரின் விவரம் ஒரு பெட்டியில் தலைகாட்டினாலும் அந்தப் படிவத்தை வெளியிடக் கூடாது.

பேக்கில் இன்னொன்று, பதிலை மாற்றுவது. இரண்டாம் பக்கத்தில் ‘விடுதியில் தங்குகிறீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றால்தான் நான்காம் பக்கத்தில் விடுதிக் கட்டணப் பெட்டி வரும் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆம்’ என்று சொல்லி, 48,000 ரூபாய் என்று நிரப்பி, பேக்கில் இரண்டு பக்கம் பின்னால் போய் ‘இல்லை’ என்று மாற்றுங்கள். முன்னால் வந்தால் கட்டணப் பெட்டி மறைந்திருக்கும். ஆனால் வரைவுக்குள் அந்த 48,000 இன்னும் இருக்கிறதா? சமர்ப்பிக்கும்போது கூட்டுத்தொகையில் சேர்கிறதா? வரைவாக இருக்கும்வரை அந்தத் தொகையை வைத்திருக்கலாம், மனம் மாறி ‘ஆம்’ என்றால் மறுபடி தட்டத் தேவையிருக்காது. சமர்ப்பிக்கும் கணத்தில் அதை விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து.

இதுவரை சொன்னவற்றில் பாதி, தகவல் தொலைவது பற்றியது. தொலைந்தால் கோபம் வரும், திரும்ப நிரப்புவோம். தகவல் மாறிப்போவது வேறு ரகம். அது யார் கண்ணிலும் படாது. பல டேப்களில் நடப்பது பெரும்பாலும் அதுதான், அதனால் சோதனைக்கு இருக்கும் நேரத்தில் பாதியை நான் இதற்கே ஒதுக்குவேன்.

வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி முறைக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதியவர் வருவது மாதிரிதான். அந்தக் குறையைப் போக்க 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி குக்கியை உருவாக்கினார். லாக் இன் செய்ததும் சர்வர் ஓர் அடையாளக் குறியைப் பிரவுசரிடம் கொடுக்கும். பிறகு ஒவ்வொரு முறையும் பிரவுசர் அதைக் காட்டி ‘நான் இன்னார்’ என்று சொல்லும். கவனிக்க வேண்டியது, அந்தக் குறி பிரவுசருக்குச் சொந்தம், டேப்புக்கு அல்ல. பத்து டேப் திறந்திருந்தாலும் ஒரு தளத்துக்கு ஒரே குறிதான்.

இப்போது ஓர் அக்காவும் தம்பியும் ஒரே கணினியில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார்கள். இருவருக்கும் தனித்தனிக் கணக்கு. முதல் டேப்பில் அக்கா லாக் இன் செய்து நான்காம் பக்கம்வரை வந்துவிட்டார். பாஸ்புக்கைத் தேடி எடுக்கப் போகிறார். அந்த இடைவெளியில் தம்பி இரண்டாவது டேப்பைத் திறந்து, தன் கணக்கில் லாக் இன் செய்கிறார். பிரவுசர் அக்காவின் குறியைத் தூக்கிப் போட்டுவிட்டு தம்பியின் குறியை வைத்துக்கொள்கிறது. முதல் டேப்பில் இன்னும் அக்காவின் பெயர்தான் தெரிகிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் மறுபடி ஏறவில்லை. அக்கா திரும்பி வந்து தன் கணக்கு எண்ணைத் தட்டி ‘சேமி’ என்கிறார். பிரவுசர் தம்பியின் குறியோடு அதை அனுப்புகிறது. ‘இந்தக் குறிக்கு உரியவரின் வரைவில் எழுது’ என்று மட்டும் சர்வர் நிரல் சொன்னால், அக்காவின் வங்கிக் கணக்கு எண் தம்பியின் விண்ணப்பத்துக்குள் போய் உட்காரும். இரண்டு டேப்பிலும் பச்சை எழுத்து. இருவரும் சமர்ப்பித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பல மாதம் கழித்துப் பணம் வராதபோதோ, மாறி வரும்போதோதான் தெரியவரும்.

இதைச் சோதிக்க விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். இரண்டு பரிசோதனைக் கணக்குகள், ஒரு பிரவுசர், மேலே சொன்ன அதே வரிசை. ஆனால் தட்டும் மதிப்புகளில் ஒரு தந்திரம் வேண்டும். முதல் டேப்பில் எந்த எண்ணைத் தட்டினாலும் 1111 என்று ஆரம்பியுங்கள், இரண்டாவதில் 2222 என்று. முடிந்ததும் டேட்டாபேஸில் இரு வரைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேள்விக்கே இடமிருக்காது. எல்லாப் பெட்டியிலும் ‘டெஸ்ட்’ என்று தட்டுகிறவருக்குக் கலப்படம் கண்முன் நடந்தாலும் தெரியாது.

சரியான படிவம் என்ன செய்யும்? வரைவின் எண் பக்கத்தின் முகவரியிலேயே இருக்கும், ஒவ்வொரு சேமிப்போடும் அது போகும். சர்வர், ‘வரைவு 4182 இந்தக் குறிக்கு உரியவருடையதுதானா?’ என்று பார்த்து, இல்லையென்றால் எழுத மறுக்கும். முதல் டேப்பில், ‘இப்போது வேறொரு கணக்கு லாக் இன்னில் இருக்கிறது, இந்தப் பக்கம் சேமிக்கப்படவில்லை’ என்று தெளிவாகச் சொல்லும்.

ஒரே ஆள் இரண்டு டேப்பில் திறப்பதும் இதேயளவு விபரீதம்தான். வரைவு ஏழாவது பதிப்பில் இருக்கிறது என்போம். இரு டேப்பிலும் நான்காம் பக்கம் திறந்திருக்கிறது, இரண்டிலும் பழைய கணக்கு எண். இரண்டாவது டேப்பில் எண்ணைத் திருத்திச் சேமிக்கிறார். பிறகு மறதியாக முதல் டேப்புக்கு வந்து, கட்டணத்தை மட்டும் திருத்திச் சேமிக்கிறார். பெரும்பாலான படிவங்கள் மாறிய பெட்டியை மட்டும் அனுப்புவதில்லை, பக்கம் முழுவதையும் அனுப்புகின்றன. ஆகவே முதல் டேப்பில் கிடந்த பழைய கணக்கு எண்ணும் சேர்ந்து போய், திருத்திய எண்ணை அழித்துவிடும். அவர் திருத்தியதும் உண்மை, சேமித்ததும் உண்மை. ஆனால் சர்வரில் இருப்பது தவறான எண்.

தடுப்பது ஒரு பதிப்பு எண்தான். பக்கம் ஏறும்போது அது எந்தப் பதிப்பு என்பதும் கூடவே வரும், சேமிக்கும்போது அதே எண் திரும்பிப் போகும். சர்வரில் இப்படி எழுதுவார்கள்:

```sql
UPDATE drafts
SET fee = 36000, account_no = '11114567', version = version + 1
WHERE id = 4182 AND version = 7;
```

வரைவு இன்னும் ஏழாவது பதிப்பிலேயே இருந்தால் ஒரு வரி மாறும். வேறு டேப் அதை எட்டாக்கியிருந்தால் எந்த வரியும் மாறாது. அந்தப் பூஜ்யத்தைக் கண்டதும் சர்வர் 409 என்ற எண்ணோடு ‘மோதல்’ என்று பதில் அனுப்ப வேண்டும். சோதிப்பவரின் வேலை இத்தோடு முடிவதில்லை. மோதல் என்று சொல்லிவிட்டு, அவர் தட்டிய கட்டணத்தையும் துடைத்துவிட்டுப் பக்கத்தைப் புதிதாக ஏற்றினால் அதுவும் பிழை. தட்டியதை வைத்துக்கொண்டு, வேறு டேப்பில் என்ன மாறியது என்று காட்டி, எது வேண்டும் என்று அவரைக் கேட்க வேண்டும். மெதுவான இணையத்தில் முதலில் அனுப்பிய சேமிப்பு பின்னால் வந்து சேரும் கோளாறையும் இதே பதிப்பு எண் பிடித்துவிடும்.

டேப்களைப் பிரித்து அறிய `sessionStorage` போதும் என்று சிலர் நினைப்பார்கள். அது டேப்புக்கு ஒன்று என்பது சரி. ஆனால் டேப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘டூப்ளிகேட்’ என்று கொடுத்தால், அதில் இருப்பதெல்லாம் புது டேப்புக்கும் நகலாகும். இரண்டு டேப்புகளும் தங்களை ஒரே டேப் என்று நம்பும். ஆகவே புது டேப்பைக் காலியாகத் திறந்து முகவரியை ஒட்டுவது, இருக்கும் டேப்பை டூப்ளிகேட் செய்வது, இரண்டு வழியிலும் சோதிக்க வேண்டும். ஒன்றில் தேறிய படிவம் மற்றொன்றில் தேறாமல் போகலாம்.

படிவங்களை நிரப்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கணினியில் இருவருக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால், ஒருவருடையதை முழுவதும் முடித்து லாக் அவுட் செய்துவிட்டு அடுத்தவருடையதைத் தொடங்குங்கள். ஒரே நேரத்தில் செய்தாக வேண்டுமென்றால் ஒருவருக்குக் குரோம், மற்றவருக்கு ஃபயர்ஃபாக்ஸ் என்று வெவ்வேறு பிரவுசரில் திறங்கள். இரண்டு இன்காக்னிட்டோ ஜன்னல்களைத் திறப்பது உதவாது. குரோமில் அவை தங்களுக்குள் குக்கியைப் பகிர்ந்துகொள்ளும். ‘சமர்ப்பி’யை அழுத்தும் முன், விண்ணப்பத்தின் முன்னோட்டப் பக்கத்தை ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்துவிட்டு, அதில் வரும் பெயரையும் கணக்கு எண்ணையும் பாஸ்புக்கோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். ரெஃப்ரெஷ் செய்தபின் தெரிவதுதான் சர்வரில் இருக்கிறது.